சப்ஜாவை ஊற வைத்துத்தான் சாப்பிட வேண்டுமா? நான்கு வழிகளின் ஒப்பீடு

வெயில் ஏற ஆரம்பித்ததும் சப்ஜா பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். காலையில் ஓடுகிற அவசரத்தில் இதை ஊற வைத்துக் காத்திருக்க முடியுமா? ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குள் போய் ஊறிக்கொள்ளாதா? உடம்பு இளைக்க வழி சொல்கிற குட்டி வீடியோக்களில் இப்படியே செய்யச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "வயிற்றில் உப்பினால்தானே பசி அடங்கும்" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு குழாய் இருப்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சப்ஜாவை ஊற வைக்க வேண்டும். ஆனால் ஊற வைப்பதிலேயே சரியாகச் செய்வது, அரைகுறையாகச் செய்வது என்று வித்தியாசம் இருக்கிறது. சிலருக்கு நன்றாக ஊறிய சப்ஜாவே ஆகாது. அதனால் வழிகளைத் தனித்தனியாகவே பார்ப்போம்.

இன்னொன்று, நான் பேசுவது திருநீற்றுப்பச்சிலையின் கறுப்பு விதையைப் பற்றி. இலங்கையில் இதைத்தான் கசகசா என்பார்கள். தமிழ்நாட்டில் குருமாவுக்கு அரைக்கிற வெளிர் நிறக் கசகசா வேறு, அது தண்ணீரில் போட்டால் உப்பாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் எவ்வளவு ஆபத்து. இரண்டாவது, விதையிலிருந்து நாம் எதிர்பார்க்கும் பலன், அதாவது வயிறு நிறைந்த உணர்வும் மலம் இளகிப் போவதும், அந்த வழியில் கிடைக்கிறதா. மூன்றாவது, நேரமும் வேலையும். இந்த மூன்றும் சம எடை கொண்டவை இல்லை. முதலாவதில் தோற்கிற வழி மற்ற இரண்டில் ஜெயித்தாலும் பிரயோசனமில்லை.

## டம்ளருக்குள் என்ன நடக்கிறது

ஒரு டீஸ்பூன் சப்ஜாவை ஒரு டம்ளர் தண்ணீரில், சுமார் 200 மில்லியில், போட்டுப் பாருங்கள். சில நொடிகளிலேயே ஒவ்வொரு விதையையும் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கிளம்பும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது வழுவழுப்பான உறையாகிவிடும், கால் மணி நேரத்தில் ஏறக்குறைய முழுதாக உப்பிவிடும். விதையின் மேல்தோலில் இருக்கிற ஒருவகை நார்ச்சத்துதான் இப்படித் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூழாகிறது. விதை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த தண்ணீரை எளிதில் விடாது, அதனால்தான் வடிகட்டியில் ஊற்றினாலும் கூழ் ஒழுகிப்போகாமல் விதையோடு ஒட்டியே நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் சில நொடிகள். சியா விதையும் உப்பும், ஆனால் நிதானமாக. சப்ஜா உடனே ஆரம்பித்துவிடுகிறது. உமிழ்நீர் பட்டாலே போதும். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அண்ணத்திலும் பல்லிடுக்கிலும் அப்பிக்கொள்வது தெரியும். அதே வேலையை அது உணவுக்குழாய்ச் சுவரிலும் செய்யும்.

## வழி 1: வெறும் தண்ணீரில் முழுதாக ஊற வைப்பது

ஒரு டீஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், சாதாரண வெப்பநிலை அல்லது வெதுவெதுப்பு, 15 முதல் 30 நிமிடம். சர்பத் கடையிலும் ஃபலூடா கடையிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஏற்கெனவே ஊறிய விதை ஒரு பாத்திரத்தில் தயாராக இருக்கும், கரண்டியால் அள்ளி டம்ளரில் விடுவார்கள். உலர்ந்த விதையை நேராகத் தூவித் தருகிற கடையை நான் பார்த்ததில்லை.

எளிமையான வேலைதான், ஆனாலும் கெட்டுப்போகிற இடங்கள் உண்டு. விதையை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிளறாமல் விட்டால் கட்டி விழும். வெளியே இருக்கிற விதைகள் கூழாகி ஒரு உறை மாதிரி மூடிக்கொள்ள, உள்ளே இருப்பவை தண்ணீர் படாமல் காய்ந்தே கிடக்கும். பார்ப்பதற்கு ஊறியது போலத் தெரிகிற அந்தக் கட்டியை அப்படியே விழுங்கினால், ஊற வைக்காமல் விழுங்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூவிக்கொண்டே கிளறுங்கள், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை முள்கரண்டியால் கிளறுங்கள், போதும்.

தண்ணீரைக் குறைப்பது அடுத்த தவறு. கால் டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூனைப் போட்டால் அது கெட்டிக் களியாகி நின்றுவிடும். கிடைத்த தண்ணீர் தீர்ந்துபோனதால் நின்றதே தவிர உப்பி முடித்ததால் நிற்கவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அதையும் குடித்துவிட்டு இன்னும் உப்பும். சரியாக ஊறியதற்கு அடையாளம்: ஒவ்வொரு விதையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றி ஒளி ஊடுருவும் கூழ், அதற்கு வெளியே கொஞ்சமாவது மிச்சத் தண்ணீர். அந்த மிச்சத் தண்ணீர் இருந்தால்தான் விதைகள் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

மறைமுகச் செலவு என்றால் சுத்தம் செய்வதுதான். சப்ஜாவை அரிசி மாதிரிக் களைய முடியாது, தண்ணீர் பட்டதும் கூழாகிவிடும். அதனால் கல், தூசி, குச்சி எல்லாவற்றையும் காய்ந்த நிலையிலேயே தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட வேண்டும். அப்புறம், ஊறியதை வெளியில் வைத்து நாள் முழுக்க ஓட்டாதீர்கள், நம் ஊர் வெயிலுக்குப் புளித்த வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் வரைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

காலை அவசரம் என்பவர்களுக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளரில் போட்டுக் கிளறி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், காலை 6 மணிக்கு எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் கலந்து குடிக்க அரை நிமிடம். உலர்ந்த விதையை விழுங்குவதில் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த நேரம் இவ்வளவுதான்.

## வழி 2: பாலிலோ ஜூஸிலோ தூவி உடனே குடிப்பது

வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ரோஸ்மில்க் தயாராகிவிட்டது, சப்ஜா ஊற வைக்க மறந்துபோச்சு, சரி மேலே தூவிக் கிளறிக் கொடுத்துவிடலாம்.

பால், சர்க்கரைப்பாகு, எலுமிச்சைச் சாறு மூன்றுமே வெறும் தண்ணீர் அளவுக்கு விதையை ஊற விடாது. பாகில் தண்ணீர் ஏற்கெனவே சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. புளிப்பில் கூழ் குறைவாகவே உப்பும். குளிர்ந்த பாலில் வேகமே குறைந்துவிடும். அதனால் குடிக்கிறபோது டம்ளரில் பாதி உப்பிய விதைகள், சில கட்டிகள், அடியில் காய்ந்த விதைகள் என்று கலவையாக இருக்கும். பெரியவர் ஒருவர் மெதுவாக உறிஞ்சிக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சுற்றிலும் நிறையத் திரவம் இருப்பதால் விதைகள் அடித்துக்கொண்டு போய்விடும். குழந்தை ஸ்ட்ரா போட்டு இழுத்தால் கதை வேறு. கட்டி ஸ்ட்ராவில் மாட்டும், குழந்தை பலமாக இழுக்கும், அது சட்டென்று விடுபட்டு நேராகத் தொண்டையின் பின்பக்கம் போய் அடிக்கும். இருமல் வருகிற இடம் அது.

மறந்துவிட்டால் குறுக்குவழி இருக்கிறது. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாகப் போட்டுக் கிளறி பத்து நிமிடம் விட்டு, கட்டி இல்லை என்று பார்த்துவிட்டுப் பானத்தில் சேருங்கள். பத்து நிமிடமும் இல்லையென்றால் அன்றைக்குச் சப்ஜா இல்லாத ரோஸ்மில்க் குடித்தால் என்ன?

## வழி 3: உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது

வயிற்றுக்குள் ஊறட்டும் என்ற வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தொண்டையிலிருந்து வயிறு வரைக்குமான உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீரோடு விழுங்கினால் சில நொடிகளில் கடந்துவிடும். அதனால்தான் இப்படி விழுங்குகிற பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, "நான் ஒரு வருஷமா இப்படித்தான் சாப்பிடுறேன்" என்பவர் பொய் சொல்லவில்லை. பிரச்சினை எல்லோருடைய குழாயும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதில்தான். நாள்பட்ட நெஞ்செரிச்சலால் கீழ்ப்பகுதி சுருங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வாமையால் குழாய்ச் சுவர் வீங்கி இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. சோறு எப்போதாவது நெஞ்சில் நிற்கும், தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும், அதோடு மறந்துவிடுவார்கள். அந்தக் குறுகிய இடத்தில் ஒரு ஸ்பூன் உலர்ந்த விதை தேங்கி, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரும் போய்ச் சேர்ந்தால், டம்ளரில் பார்த்ததெல்லாம் அங்கே நடக்கும்.

இப்படி நடந்து, மருத்துவர்கள் 2014-ல் வெளியில் சொன்ன ஒரு சம்பவம் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறது. அது சப்ஜா இல்லை, சியா. 39 வயது ஆண், ஏற்கெனவே ஒவ்வாமையும் அவ்வப்போது விழுங்கச் சிரமமும் இருந்தவர். ஒரு டேபிள்ஸ்பூன் உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். விதைகள் உணவுக்குழாயிலேயே உப்பிக் கூழ்க்கட்டியாகி வழியை முழுதாக அடைத்துவிட்டன. இறைச்சித் துண்டு மாட்டினால் கொக்கி மாதிரியான கருவியால் பிடித்து இழுக்கலாம், கூழை எதைக் கொண்டு பிடிப்பது? வழக்கமான எண்டோஸ்கோப்பி உத்திகள் பலிக்கவில்லை. கடைசியில் பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் மெல்லிய எண்டோஸ்கோப் குழாயை வைத்து, அதன் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுப் பக்கம் தள்ளித்தான் வழி திறந்தார்கள். நிதானமாக உப்புகிற சியாவுக்கே இந்தப் பாடு.

நமக்குப் பழகிய இசப்கோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதன் டப்பா மீது, போதிய தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால் உப்பித் தொண்டையையோ உணவுக்குழாயையோ அடைக்கலாம், விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயம். சப்ஜாவும் அதே இனத்துக் கூழ்தான், சமையல் பொருளாக விற்பதால் பாக்கெட்டில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருப்பதில்லை.

சரி, பத்திரமாக வயிற்றுக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயாவது கூடுதல் பலன் உண்டா? வயிற்றில் இருப்பது அமிலம், அதில் விதை தண்ணீரில் உப்புகிற அளவுக்கு உப்பாது. முழுதாக உப்பி உள்ளே போகிற விதை தண்ணீரையும் தன்னோடு கொண்டுபோகிறது, உலர்ந்து போகிற விதை உடம்பிலிருக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அன்றைக்குத் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலைத் தீர்க்க வந்த பொருளே வயிற்றை இறுக்கிவிடும். ஆக இந்த வழியில் ஆபத்து கூடுகிறது, பலன் கூடவில்லை. இது சிறந்த தேர்வாக இருக்கிற ஒரு சூழ்நிலையை யோசித்துப் பார்த்தேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மென்று சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: விதை சின்னது, உமிழ்நீர் பட்டதும் வழுக்கும், பல்லில் சிக்காது. மெல்வதாக நினைத்துக்கொண்டு முக்கால்வாசியை முழுதாகத்தான் விழுங்குவீர்கள். பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும்போது இரண்டு விதை மூச்சுக்குழாய்க்குள் போனால், அங்கேயும் ஈரம் இருக்கிறது, அங்கேயும் உப்பும்.

## வழி 4: பொடித்துச் சேர்ப்பது, மாவில் கலந்து சமைப்பது

பொடித்துவிட்டால் கூழ் ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தோல் எங்கேயும் போய்விடவில்லை, தூளாக உள்ளேயே இருக்கிறது, தண்ணீர் படுகிற பரப்பு கூடியதால் இன்னும் சீக்கிரம் கூழாகிக் கட்டி விழும். பொடியை ஸ்பூனில் எடுத்து வாயில் போடுவது விதையைப் போடுவதைவிட மோசம், காரணம் அதன் தூசி மூச்சோடு உள்ளே போய் இருமலைக் கிளப்பும்.

தோசை மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலந்து, மாவு ஊறுகிற நேரமெல்லாம் கூடவே ஊறிச் சமைத்தால் அது வேறு. விதைக்கு வேண்டிய தண்ணீர் மாவிலேயே கிடைத்துவிடுகிறது, சாப்பிடும்போது மென்று தின்கிறோம், பாதுகாப்புதான். மாவு வழக்கத்தைவிட இறுகும், தண்ணீர் கூட்ட வேண்டும். பானத்தில் விதை மிதப்பதே பிடிக்காதவர்களுக்கு இது உதவும், மற்றவர்களுக்கு இவ்வளவு மெனக்கெட அவசியமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | அடைக்கும் ஆபத்து | பலன் | ஆகும் நேரம் | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|
| தண்ணீரில் முழுதாக ஊறியது | குறைவு, கட்டி இல்லாமல் இருந்தால் | முழுதாக | 15–30 நிமிடம், அல்லது முந்தின இரவு | விழுங்கச் சிரமம் இல்லாத பெரியவர்கள், மெல்லத் தெரிந்த பிள்ளைகள் |
| பானத்தில் தூவி உடனே | நடுத்தரம், ஸ்ட்ரா இருந்தால் அதிகம் | அரைகுறை | உடனே | தவிர்ப்பது நல்லது |
| உலர்ந்தது, மேலே தண்ணீர் | அதிகம் | கூடுதலாக எதுவும் இல்லை | உடனே | யாருக்கும் வேண்டாம் |
| மாவில் கலந்து சமைத்தது | குறைவு | ஓரளவு | மாவு ஊறும் நேரம் | மிதக்கும் விதை பிடிக்காதவர்கள் |

## ஊறியதும் ஆகாதவர்கள்

பக்கவாதம் வந்து விழுங்கும் தசை தளர்ந்த பாட்டி, பார்க்கின்சன் நோய் உள்ள தாத்தா, இவர்களுக்கு உடம்புச் சூடு தணியட்டும் என்று சப்ஜா தண்ணீர் கொடுக்கிற வீடுகள் நிறைய. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மெல்லிய திரவமும் திடமும் சேர்ந்த கலவையைச் சமாளிப்பதுதான் ரொம்பக் கடினம். தண்ணீர் முந்திக்கொண்டு ஓடும், விதை வாயில் பின்தங்கும், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தொண்டையை மூடித் திறக்க வராது. அவர்களுக்கு ஊற வைத்தாலும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் அப்படியே, ஐந்து வயது வரை தள்ளிப்போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. உணவுக்குழாய் சுருக்கம் என்று மருத்துவர் சொன்னவர்கள், சோறோ இட்லியோ அடிக்கடி நெஞ்சில் நிற்பவர்கள் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காலையில் மாத்திரை போடுகிறவர்கள், முக்கியமாகத் தைராய்டு மாத்திரை, சப்ஜாவை அதோடு சேர்க்காதீர்கள். கூழுக்குள் மாட்டிய மருந்து உடம்பில் சேர்வது குறையலாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இன்னும் தள்ளி மாலையில் குடித்தாலும் சரிதான்.

## மாட்டிக்கொண்டால்

இரண்டு விதமான அடைப்பு உண்டு, செய்ய வேண்டியதும் வேறு வேறு.

மூச்சுக்குழாய் அடைத்தால் ஆள் பேச முடியாது, இருமல் சத்தம் வராது, முகம் நீலமாகும். பலமாக இரும முடிகிறவரை அவரை இரும விடுங்கள். முடியவில்லையென்றால் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அடித்து, அதிலும் வரவில்லையென்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை கோத்து ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும், வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, முதுகில் தட்டுவதும் நடு மார்பில் அழுத்துவதும்தான். ஆள் மயங்கிவிட்டால் படுக்க வைத்து, உதவி வரும்வரை மார்பை அழுத்தும் சி.பி.ஆர். செய்ய வேண்டும்.

உணவுக்குழாய் அடைத்தால் மூச்சு வரும், பேச்சும் வரும். ஆனால் நெஞ்சுக்கு நடுவில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கும், குடித்த தண்ணீர் திரும்பி வரும், கடைசியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார். இங்கேதான் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: "இன்னும் கொஞ்சம் தண்ணி குடி, இறங்கிடும்." மாட்டியிருப்பது உப்புகிற விதை என்றால் அந்தத் தண்ணீர் அதற்குத்தான் போய்ச் சேரும், மிச்சம் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்பிருக்கிறது. தண்ணீர், வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம், விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார வைத்து, எச்சிலைத் துப்ப விட்டு, எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எச்சில் இறங்காத முழு அடைப்பு என்றால் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது. போனதும் மருத்துவரிடம் எதை, எத்தனை ஸ்பூன், உலர்ந்ததா ஊறியதா, எத்தனை மணிக்கு விழுங்கினார் என்று சொல்லிவிடுங்கள். கூழை எடுக்கிற முறை வேறு என்பதால் எந்தக் கருவியோடு உள்ளே போவது என்பதை அவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்க அது உதவும்.